வாடகை வருமானத்தில் 30 சதவீதக் கழிவு: பழுதுபார்த்த பில்லை ஏன் தனியாகக் காட்ட முடியாது?

கேள்வி: கிருஷ்ணகிரி இராயக்கோட்டை சாலையில் எனக்கு ஒரு மாடி வீடு இருக்கிறது. கீழ்வீடு 9,000, மேல்வீடு 11,000 என்று இரண்டையும் வாடகைக்கு விட்டிருக்கிறேன். போன ஐப்பசி மழையில் மேல்தளம் ஒழுகியது. தளம், பெயிண்ட், புதிதாக ஒரு குளியலறை எல்லாம் சேர்த்து 1,85,000 ஆகிவிட்டது. பில் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆடிட்டர் அதைப் பார்க்கக்கூட இல்லை, 30 சதவீதம்தான் கழியும் என்கிறார். நான் அரசுப் பள்ளி ஆசிரியர், புதிய வரி முறையில் இருக்கிறேன், 20 சதவீத அடுக்கில் வருகிறேன். உண்மையாகவே செய்த செலவைக் காட்ட வழியே இல்லையா?

பதில்:

ஆடிட்டர் சொன்னது சரிதான் சார். அவர் பில்லைப் பார்க்காததும் அலட்சியம் இல்லை. அந்தக் கணக்கில் பில்லுக்கு வேலையே கிடையாது. ஆனால் பில்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் ஒரு பகுதி வேறொரு நாளில் பயன்படும், கடைசிப் பக்கத்தில் அதற்கு வருகிறேன்.

முதலில் சட்டம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, வீட்டுச் சொத்து வருமானத்தைக் கணக்கிடும்போது கீழ்க்கண்டவற்றைக் கழிக்க வேண்டும் என்று ஆரம்பித்து, இரண்டே இரண்டைத்தான் சொல்கிறது. ஒன்று, ஆண்டு மதிப்பில் 30 சதவீதம். இன்னொன்று, கடன் வட்டி. அவ்வளவுதான். வியாபார வருமானத்துக்கு இருப்பதுபோல, தொழிலுக்காகச் செய்த மற்ற எல்லாச் செலவும் என்று பொதுவாக ஒரு வாசல் இங்கே திறந்து வைக்கப்படவில்லை. பட்டியலில் இல்லாத செலவு எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் உள்ளே வராது. தளம் ஒழுகியதற்கு மட்டுமில்லை, வீட்டு இன்சூரன்ஸ், புரோக்கர் கமிஷன், ஒப்பந்தப் பத்திரச் செலவு, வாடகை பாக்கிக்கு வக்கீல் நோட்டீஸ் விட்ட செலவு என்று எதற்குமே தனிக் கழிவு கிடையாது. எல்லாம் அந்த 30-க்குள் அடங்கிவிட்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்திலும் இது மாறவில்லை. பிரிவு எண் மட்டும் 22 ஆகியிருக்கிறது. நீங்கள் கேட்பது 2025-26 நிதியாண்டுக் கணக்கு என்பதால் பழைய சட்டமே பொருந்தும்.

இனி உங்கள் கணக்கு. மாதம் 20,000 என்றால் ஆண்டுக்கு 2,40,000. இதிலிருந்து முதலில் கழிவது நகராட்சிக்கு நீங்கள் கட்டிய சொத்து வரி. நீங்கள் தொகை சொல்லவில்லை, அரையாண்டுக்கு 3,000 என்று வைத்துக்கொள்வோம், இரண்டு தவணைக்கு 6,000. மிச்சம் 2,34,000. இதற்குப் பெயர்தான் ஆண்டு மதிப்பு. 30 சதவீதம் இந்தத் தொகையின் மேல்தான், மொத்த வாடகையின் மேல் இல்லை. ஆக 70,200 கழிந்து 1,63,800 உங்கள் சம்பள வருமானத்தோடு சேரும். 20 சதவீதம் வரி 32,760, அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் ஏறக்குறைய 34,070 ரூபாய்.

நீங்கள் விரும்புகிறபடி 1,85,000 முழுவதையும் கழிக்க விட்டிருந்தால் மிச்சம் 49,000-தான். வரியும் செஸ்ஸும் 10,200-க்குள் முடிந்திருக்கும். வித்தியாசம் கிட்டத்தட்ட 24,000. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. கையில் தங்காத பணத்துக்கு வரி கட்டுவதுபோல இருக்கும்.

சம்பளத்தில் 75,000 நிலையான கழிவு எடுத்துவிட்டோமே, வீட்டுக்கும் அதே பெயரில் இன்னொன்று எடுக்கலாமா என்று ஆசிரியர்கள் பலர் கேட்பார்கள். அது வேறு, இது வேறு. இரண்டுமே உண்டு. புதிய வரி முறையில் பல கழிவுகள் போய்விட்டாலும், வாடகைக்கு விட்ட வீட்டின் 30 சதவீதம் போகவில்லை.

சரி, ஏன் இப்படி ஒரு விதி? இதற்கு இந்த வரியின் அடிப்படையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வீட்டுச் சொத்து என்ற தலைப்பில் வரி விதிக்கப்படுவது நேராக உங்கள் லாபத்தின் மேல் இல்லை. அந்தக் கட்டடம் ஓர் ஆண்டில் எவ்வளவு வாடகை ஈட்ட வல்லது என்ற மதிப்பின் மேல். அதனால்தான் சொல்லே ஆண்டு மதிப்பு. ஊர் நிலவரப்படி நியாயமாகக் கிடைக்கக்கூடிய வாடகையைவிடக் குறைத்து உறவுக்காரருக்கு விட்டால், கையில் வந்த தொகையை விட்டுவிட்டு நியாய வாடகையை எடுத்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. வருமானமே ஒரு மதிப்பீடாக இருக்கும்போது, அதற்கு எதிரான செலவையும் மதிப்பீடாகவே வைத்துவிட்டார்கள்.

இது எப்போதும் 30 ஆக இருந்ததில்லை. 2001-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்கு முன்னால், பழுதுபார்ப்புக்கும் வாடகை வசூல் செலவுக்குமாகச் சேர்த்து நாலில் ஒரு பங்கு கழிவு இருந்தது. அப்போதும் அது சதவீதம்தான், உண்மைச் செலவு இல்லை. அது போக இன்சூரன்ஸ் பிரீமியம், மனை வாடகை, நிலவரி, வீடு காலியாகக் கிடந்த காலத்துக்கான கழிவு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் ரசீது, ஒவ்வொன்றுக்கும் வாக்குவாதம். 2001-ல் அந்தப் பட்டியலைச் சுருட்டிவிட்டு, 25-ஐ 30 ஆக்கி, வட்டியை மட்டும் தனியே விட்டார்கள். 2002-03 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இதுதான் நடப்பு. ஆகப் பழுதுச் செலவை அரசு மறந்துவிடவில்லை. அதற்கும் மற்ற சில்லறைச் செலவுகளுக்கும் சேர்த்து ஒரு மொத்த விலை பேசி முடித்துவிட்டது.

இந்த ஏற்பாட்டில் எனக்குத் தெரிந்து ஒரு நடைமுறை நியாயமும் இருக்கிறது. நம் ஊரில் வீட்டு வேலைக்குச் செலவாகும் பணத்தில் பெரும்பங்கு கூலி. கொத்தனார், சித்தாள், பெயிண்டர், பிளம்பர் யாரும் ஜிஎஸ்டி பில் கொடுப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கையில் பணம், அதோடு சரி. உண்மைச் செலவைத்தான் கழிக்கலாம் என்று விதி இருந்தால், சிமெண்ட் கடைப் பில் மட்டும் ஏறும், கூலி ஏறாது. அல்லது கூலிக்கு வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி வைப்போம், அதிகாரி நம்ப மாட்டார். எது பழுது, எது புதுக் கட்டுமானம் என்ற சண்டை வேறு. உங்கள் விஷயத்திலேயே அந்தச் சண்டை வந்திருக்கும், குளியலறை பழுதுபார்ப்பு ஆகுமா என்று.

அடுத்து, இந்த விதி உங்களுக்குச் சாதகமாக வேலை செய்த ஆண்டுகளையும் கணக்கில் எடுங்கள். போன ஆண்டு அந்த வீட்டுக்கு எவ்வளவு செலவு செய்தீர்கள்? ஒரு மோட்டார் காயில் கட்டியிருப்பீர்கள், உப்புத் தண்ணீரில் படிந்து அடைத்த குழாயை மாற்றியிருப்பீர்கள். ஏழாயிரம், எட்டாயிரம் இருக்குமா? அப்போதும் எழுபதாயிரத்துக்குக் கிட்டத்தட்ட கழித்திருப்பீர்கள். அந்த வித்தியாசத்துக்கு யாரும் உங்களிடம் பில் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாத ஆண்டிலும் 30 முழுதாக உண்டு.

பத்து ஆண்டுக்கு வைத்துப் பார்ப்போம். வாடகை ஏறவே இல்லை என்றாலும் மொத்தக் கழிவு 7,02,000. செலவுப் பக்கம்: குளியலறையை நீக்கிவிட்டால் இந்தத் தள வேலை 1,25,000 என்று வையுங்கள். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பெயிண்ட் 50,000 வீதம் ஒரு லட்சம். சில்லறை வேலை ஆண்டுக்கு 8,000 வீதம் 80,000. மொத்தம் 3,05,000. கழிவில் பாதிகூட ஆகவில்லை. சொந்தமாக, நல்ல நிலையில் இருக்கும் கான்கிரீட் வீட்டுக்காரருக்கு இந்த விதி பெரும்பாலும் லாபம்தான். ஓர் ஆண்டில் மொத்தமாக வந்து விழுந்த செலவு நம் கண்ணை மறைக்கிறது.

எல்லாருக்கும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழையபேட்டை மாதிரி இடத்தில் தாத்தா காலத்து நாட்டு ஓட்டு வீடு வைத்திருப்பவர் மாதம் 3,500-க்கு விட்டிருப்பார். ஆண்டுக்கு 42,000. அதில் கழிவு 12,600-க்கு மேல் போகாது. ஓட்டைப் பிரித்து மரச்சட்டம் மாற்றினால் ஒரு லட்சம் போய்விடும். அந்த மிச்சத்தை அடுத்த ஆண்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது, ஏனென்றால் 30-க்கு மேற்பட்ட செலவு சட்டத்தின் கணக்கில் நஷ்டமே இல்லை. வாடகை குறைவு, கட்டடம் பழசு என்றால் இந்த விதி அடிக்கத்தான் செய்கிறது. அவருக்கு வேறு வருமானம் இல்லாவிட்டால் வரியே வராது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

இப்போது ஜனங்கள் செய்யும் வேலைக்கு வருவோம். ரிட்டர்ன் படிவத்தில் வீட்டுச் சொத்துப் பகுதியில் மொத்த வாடகை, வசூலாகாத வாடகை, உள்ளாட்சி அமைப்புக்குக் கட்டிய வரி, 30 சதவீதம், வட்டி என்ற கட்டங்கள்தான் இருக்கும். 30 சதவீதக் கட்டம் தானாகவே நிரம்பிவிடும். பழுதுச் செலவுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லையே என்று சிலர் அந்தத் தொகையை உள்ளாட்சி வரிக் கட்டத்தில் போட்டுவிடுகிறார்கள். இரண்டரை லட்சம் வாடகைக்கு 1,90,000 சொத்து வரி என்றால் பார்த்தவுடனே தெரிந்துவிடும். ரசீதைக் காட்டு என்று ஒரு நோட்டீஸ் வந்தால் கையில் ஆறாயிரத்துக்குத்தான் ரசீது இருக்கும்.

இன்னும் சிலர் வாடகையையே குறைத்துக் காட்டுகிறார்கள். பழுதுக்குப் போனது போக மிச்சம்தானே எனக்கு வந்தது என்று ஒரு நியாயம். உங்களுக்கு இது சரிவராது. உங்கள் இரண்டு வீட்டிலும் குடியிருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வாடகை தருகிறார்கள், மேல்வீடு 1,32,000, கீழ்வீடு 1,08,000. அவர்களில் யாராவது பழைய வரி முறையில் இருந்து வீட்டு வாடகைப்படி விலக்குக் கேட்டால், ஒரு லட்சத்தைத் தாண்டியதால் உங்கள் பான் எண்ணை அவர்கள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். அங்கே ஒரு தொகை, உங்கள் ரிட்டர்னில் ஒரு தொகை என்றால் பொருந்தாது. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதற்கு அந்த வரியில் 50 சதவீதம் அபராதம். தெரிந்தே தவறாகக் காட்டியது என்று முடிவானால் 200 சதவீதம். இருபத்துநாலாயிரத்துக்காக அந்த வம்பு வேண்டாம்.

இதோடு ஒட்டிய ஒன்று, குடியிருப்பவரே செலவு செய்து வாடகையில் கழித்துக்கொள்வது. நீங்கள் ஊரில் இல்லாத நேரம், மோட்டார் போய்விட்டது, கீழ்வீட்டுக்காரர் 14,000-க்குப் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டு அடுத்த இரண்டு மாதத்தில் சரிக்கட்டிக்கொள்கிறார். உங்கள் வங்கிக் கணக்கில் கீழ்வீட்டுக்கு 94,000-தான் வந்திருக்கும். அப்போதும் வாடகை 1,08,000-தான். மோட்டார் மாற்றுவது உங்கள் பொறுப்பு, அதை அவர் உங்கள் சார்பில் செய்தார், வாடகை பணமாக வராமல் மோட்டாராக வந்தது. ரிட்டர்னில் வங்கிக் கணக்கைப் பார்த்து 94,000 என்று போடுவது தவறு. ஆனால் ஒப்பந்தத்திலேயே சின்னச் சின்னப் பழுதுகள் குடியிருப்பவர் பொறுப்பு என்று எழுதியிருந்து, அவர் தன் செலவில் குழாய் மாற்றிக்கொண்டால் அது உங்கள் வாடகையில் சேராது. உங்கள் 30-உம் குறையாது. பதினொரு மாத ஒப்பந்தத்தை ஜெராக்ஸ் கடை நமூனாவில் அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடாமல், இந்த ஒரு வரியை யோசித்து எழுதுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். தள வேலை நடந்தபோது மேல்வீட்டில் ஆள் இருந்தார்களா? காலி செய்துவிட்டுப் போய், புதிதாக ஆள் வரும்வரை இரண்டு மாதம் வீடு காலியாக இருந்திருந்தால், அந்த 22,000 வாடகை உங்களுக்கு வரவே இல்லை, அதைக் காட்டவும் வேண்டாம். ஆண்டு வாடகை 2,18,000 ஆகிவிடும். ஆடிட்டரிடம் மாத வாடகையைச் சொல்லிப் பன்னிரண்டால் பெருக்க விட்டுவிடுகிறோம், காலி மாதங்களைச் சொல்ல மறந்துவிடுகிறோம். பழுதினால் வரி குறைய நேர்வழி ஒன்று இருக்கிறதென்றால் இது.

மற்ற வழி வட்டி. இது பலருக்குத் தெரியாது. 24-ஆவது பிரிவின் இரண்டாம் பகுதி, கடன் வாங்கி வீட்டை வாங்கினாலோ கட்டினாலோ மட்டும் என்று சொல்லவில்லை. கடன் வாங்கிப் பழுதுபார்த்தாலும், புதுப்பித்தாலும், திருப்பிக் கட்டினாலும் அந்தக் கடனின் வட்டியைக் கழிக்கலாம். பழுதுச் செலவு கழியாது, பழுதுக்காக வாங்கிய கடனின் வட்டி கழியும். கேட்க விசித்திரமாக இருந்தாலும் விதி அதுதான். வாடகைக்கு விட்ட வீடு என்பதால் புதிய வரி முறையிலும் இது உண்டு. நீங்களே குடியிருக்கும் வீடாக இருந்தால் கதை வேறு. பழைய முறையில் பழுதுக் கடன் வட்டிக்கு 30,000 உச்சவரம்பு, புதிய முறையில் ஒன்றுமே கிடையாது.

நீங்கள் இந்த வேலைக்காக டிசம்பர் 1-ஆம் தேதி நகையை வைத்து 1,50,000 வாங்கினீர்கள், வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொள்வோம். மார்ச் 31 வரை நாலு மாத வட்டி 4,500. 1,63,800 என்பது 1,59,300 ஆகும். அடுத்த ஆண்டு முழுவதும் கடன் நின்றால் 13,500 கழியும். நகைக் கடனில் வட்டியைத் திருப்பும்போதுதான் மொத்தமாகக் கட்டுவோம். ஆனாலும் இந்தப் பிரிவில் அந்த ஆண்டுக்குரிய வட்டியை அந்த ஆண்டிலேயே கழிக்கலாம், கட்டி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அசலைத் திருப்பியதற்குக் கழிவு இல்லை.

வங்கிக் கடன்தான் என்று இல்லை. மச்சானிடம் வட்டிக்கு வாங்கினாலும் சரி. ஆனால் பணம் அந்த வீட்டுக்குத்தான் போனது என்று காட்டத் தெரிய வேண்டும். கடன் தொகை கணக்கில் ஏறிய தேதி, அதையொட்டிக் கடைக்கும் கான்ட்ராக்டருக்கும் போன பணம், இரண்டும் வங்கிப் புத்தகத்தில் அடுத்தடுத்து நின்றால் போதும். உங்கள் பில்களுக்கு முதல் வேலை இங்கேதான் வருகிறது. ஒரே ஓர் எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் நிலம் உள்ளவர்கள் சிட்டாவைக் காட்டிப் பயிர்க் கடன் கணக்கில் குறைந்த வட்டிக்கு நகைக் கடன் வாங்குவது சகஜம். பயிருக்கென்று வாங்கிய கடனை வீட்டுக்குச் செலவழித்தேன் என்று வருமான வரிக் கணக்கில் எழுதினால், ஒரு பக்கம் சொன்னது இன்னொரு பக்கத்தில் உங்களையே மாட்டிவிடும். அப்படிப்பட்ட கடன் என்றால் வட்டியைக் காட்டாமல் விட்டுவிடுங்கள்.

இனி, பில்லைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். உங்கள் 1,85,000-ல் இரண்டு வகையான செலவு கலந்திருக்கிறது. தளத்தைக் கொத்தி, விரிசலை அடைத்து, வாட்டர் புரூஃபிங் செய்து, தட்டோடு பதித்து, சுவருக்குப் பெயிண்ட் அடித்தது எல்லாம் வீட்டை இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டுவந்த செலவு. அது பழுதுபார்ப்பு, 30-க்குள் முடிந்துபோனது. புதிய குளியலறை அப்படி இல்லை. முன்னால் இல்லாத ஒன்றைக் கட்டியிருக்கிறீர்கள். அது கட்டடத்தின் மூலதனத்தில் சேரும் மேம்பாட்டுச் செலவு. வாடகை வருமானத்தில் அதற்கும் கழிவு கிடையாது. ஆனால் என்றைக்காவது அந்த வீட்டை விற்றால், மூலதன ஆதாயத்தைக் கணக்கிடும்போது வாங்கிய விலையோடு இந்தத் தொகையையும் சேர்த்துக் கழிக்கலாம்.

குளியலறைக்கு 60,000 ஆனது என்றும், பத்து வருடம் கழித்து விற்கிறீர்கள் என்றும் வையுங்கள். இன்றைய விதிப்படி நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதம். 60,000 கழிந்தால் 7,500 ரூபாய் வரியும் அதன் செஸ்ஸும் மிச்சம். இந்த வீட்டை 2024 ஜூலை 23-க்கு முன்னால் வாங்கியிருந்தால், பணவீக்கக் குறியீட்டைப் பயன்படுத்தி 20 சதவீதத்தில் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டும் வசதியும் உண்டு. பெரிய தொகை இல்லை என்பீர்கள். மேலே இன்னொரு மாடி எடுத்தவருக்கு, போர் போட்டவருக்கு, சுற்றுச்சுவர் கட்டியவருக்கு இது லட்சக்கணக்கில் வரும். அவர்களில் பலர் விற்கும் நாளில் ஒரு பில்லும் இல்லாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே கான்ட்ராக்டரிடம் இன்றைக்கே பேசி, குளியலறை வேலைக்குத் தனியாகவும் தள வேலைக்குத் தனியாகவும் இரண்டு பில் எழுதி வாங்குங்கள். டைல்ஸ், கிளாசெட், குழாய் எல்லாம் குளியலறைக் கணக்கில். தட்டோடு, கெமிக்கல், பெயிண்ட் எல்லாம் பழுதுக் கணக்கில். ஒரே பில்லில் வீட்டு வேலை 1,85,000 என்று இருந்தால் பத்து வருடம் கழித்து யாருக்கும் பிரித்துச் சொல்ல வராது. கடைப் பில் இப்போது வெயில்பட்டாலே எழுத்து மறைந்துபோகும் தாளில் வருகிறது. அதை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். முழு 1,85,000-ஐயும் மேம்பாட்டுச் செலவாகக் காட்டலாமா என்று யோசிக்காதீர்கள். பெயிண்டும் தட்டோடும் மேம்பாடு ஆகாது.

ஓசூர்ப் பக்கம் ஹாஸ்டல், பிஜி நடத்துகிறவர்கள் பெயிண்ட் செலவு, பழுதுச் செலவு எல்லாம் கழிக்கிறார்களே என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர்கள் கணக்கு வேறு தலைப்பில் வருகிறது. கட்டிலும் சாப்பாடும் துப்புரவும் சேர்த்து விற்பது ஒரு தொழில், வீட்டை வாடகைக்கு விடுவது மட்டும் இல்லை. அங்கே 30 சதவீதம் கிடையாது, உண்மைச் செலவும் தேய்மானமும் உண்டு. வாடகைக்கு விடுவதையே முக்கிய நோக்கமாக வைத்து நடக்கும் நிறுவனத்தின் வாடகை தொழில் வருமானமே என்று சென்னை பிராபர்ட்டீஸ் வழக்கில் 2015-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு, நானும் தொழிலாகவே விடுகிறேன் என்று தனிநபர்கள் சிலர் சாதாரணக் குடியிருப்பு வாடகையைத் தொழில் கணக்கில் காட்டிப் பழுது, தேய்மானம் எல்லாம் கழித்தார்கள். அந்த வாசலை 2024-ல் நிதிச் சட்டத் திருத்தம் அடைத்துவிட்டது. குடியிருப்பு வீட்டை அதன் உரிமையாளர் வாடகைக்கு விட்டால் அது வீட்டுச் சொத்து வருமானம்தான் என்று 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தெளிவாகவே எழுதியிருக்கிறது. உங்கள் இரண்டு வீடும் குடும்பம் குடியிருக்கும் வீடுகள். தலைப்பை மாற்றும் யோசனையை யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், செய்யாதீர்கள்.

கடைசியாக, உங்கள் கையில் இருக்கும் ஒரே நேரடிக் கழிவான சொத்து வரியைப் பற்றி. அது எந்த அரையாண்டுக்கு உரியது என்பது முக்கியம் இல்லை, எந்த நிதியாண்டில் கட்டினீர்கள் என்பதுதான் முக்கியம். அக்டோபர் முதல் மார்ச் வரைக்கான தவணையை ஏப்ரலில் கட்டினால் அது அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போய்விடும். மாறாக, மூன்று வருடப் பாக்கியை ஒரே ஆண்டில் கட்டினால் முழுவதும் அந்த ஆண்டிலேயே கழியும். குடியிருப்பவர் கட்டியிருந்தால் உங்களுக்குக் கழிவு இல்லை, உங்கள் பணம் போயிருக்க வேண்டும். tnurbanepay.tn.gov.in தளத்தில் உங்கள் மதிப்பீட்டு எண்ணைப் போட்டால் எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினீர்கள் என்று வரும். 2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரை கட்டிய ரசீதுகளை மட்டும் எடுத்து, காலி மாத விவரத்தோடும் கடன் வட்டிக் கணக்கோடும் சேர்த்து ஆடிட்டரிடம் கொடுங்கள். தள வேலைப் பில் அவருக்குத் தேவைப்படாது.